தலைமை விலை சொல்லும், ஆலை திட்டம் சொல்லும்

ஒரு நிறுவனம் வார்ப்பாலை ஒன்றையும் நூற்பாலை ஒன்றையும் நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். வார்ப்பாலையில் மோட்டார் உறை, பம்ப் உறை என்று இரண்டு சரக்கு. உலை ஒரு நாளைக்குப் பத்து லோடுதான் தாங்கும். நூற்பாலையில் மெல்லிய நூல், தடித்த நூல் என்று இரண்டு சரக்கு. அங்கே ஒரு நாளைக்கு எட்டு லோடு. ஒரு ஆலையின் வேலையில் மற்றது தலையிடுவதே இல்லை. உலையைப் பார்ப்பவருக்குக் கதிர்களைப் பற்றித் தெரியாது. ஸ்பின்னிங் மாஸ்டருக்கு உருக்கு வேலை தெரியாது. இரண்டையும் சேர்த்துக் கட்டிப்போடுவது ஒன்றே ஒன்று, மின்சாரம். இரண்டு ஆலைக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 40 ஆயிரம் யூனிட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது.

மோட்டார் உறை ஒரு லோடுக்கு 3 ஆயிரம் யூனிட் தின்னும். 6 ஆயிரம் ரூபாய் லாபம் தரும். பம்ப் உறைக்கு 1 ஆயிரம் யூனிட், 4 ஆயிரம் ரூபாய். மெல்லிய நூலுக்கு 3 ஆயிரம் யூனிட், 9 ஆயிரம் ரூபாய். தடித்த நூலுக்கு 1 ஆயிரம் யூனிட், 4 ஆயிரம் ரூபாய். கரன்ட் பில் உட்பட எல்லாச் செலவும் போக மிஞ்சும் லாபம் இது. எந்தச் சரக்கை எத்தனை லோடு போட்டால் மொத்த லாபம் மிக அதிகமாகும்? மோட்டார் உறையை `x1`, பம்ப் உறையை `x2`, மெல்லிய நூலை `y1`, தடித்த நூலை `y2` என்று வைத்தால் கணக்கு நாலே வரி:

```
max  6 x1 + 4 x2 + 9 y1 + 4 y2
     3 x1 +   x2 + 3 y1 +   y2 <= 40
       x1 +   x2               <= 10
                     y1 +   y2 <= 8
```

இதன் வடிவத்தைப் பாருங்கள். மூன்றாம் வரியில் வார்ப்பாலை மட்டும் இருக்கிறது. நான்காம் வரியில் நூற்பாலை மட்டும். இரண்டாம் வரி ஒன்றுதான் எல்லோரையும் தொடுகிறது. அந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் கணக்கு இரண்டாகப் பிளந்து தனித்தனியே விழும். நேரியல் திட்டமிடலில் வரும் பெரிய கணக்குகளில் பல இந்த வடிவம் கொண்டவைதான். ஆலைகளுக்குப் பதிலாக மாதங்கள் இருக்கலாம், மாவட்டங்கள் இருக்கலாம், ஒரே தண்டவாளத்தைப் பகிரும் ரயில்கள் இருக்கலாம். தனித்தனிக் கட்டங்கள் மூலைவாட்டில் வரிசையாக நிற்கும். அவற்றின் தலைக்கு மேல் எல்லாவற்றையும் இணைக்கும் சில நீண்ட வரிகள் ஓடும்.

இந்த வடிவத்தைப் பயன்படுத்திக் கணக்கைப் பிரிக்கும் வழியை ஜார்ஜ் டான்சிக்கும் பிலிப் உல்ஃபும் 1960இல் ‘ஆபரேஷன்ஸ் ரிசர்ச்’ இதழில் வெளியிட்டார்கள். அமெரிக்காவில் சான்டா மோனிகாவில் உள்ள ரேண்ட் நிறுவனத்தில் செய்த வேலை அது. நேரியல் கணக்குகளைத் தீர்க்கும் சிம்ப்ளெக்ஸ் முறையை 1947இல் கண்டுபிடித்தவரும் இதே டான்சிக்தான். சிம்ப்ளெக்ஸ் முறையின் ஆரம்பகாலச் சோதனையாக 9 நிபந்தனைகளும் 77 உணவுப் பொருள்களும் கொண்ட ஓர் உணவுத் திட்டக் கணக்கை எடுத்துக்கொண்டார்கள். மேசைக் கால்குலேட்டரைக் கொண்டு அதைப் போட்டு முடிக்கச் சுமார் 120 ஆள்-நாள் பிடித்தது. 1950களில் கணினி வந்து அந்தச் சுமையைத் தூக்கிக்கொண்டது. ஆனால் கணினிக்கும் ஓர் இடம் போதாத தொல்லை இருந்தது.

50 ஆலைகள், ஆலைக்கு 100 சொந்த நிபந்தனைகள், எல்லோருக்கும் பொதுவாகப் பத்து நிபந்தனைகள் என்று ஒரு கணக்கு இருந்தால் மொத்தம் 5,010 வரிகள். சிம்ப்ளெக்ஸ் முறை ஒவ்வொரு அடியிலும் கையில் வைத்திருக்க வேண்டிய அட்டவணை, முழுசாக எழுதினால், 5,010க்கு 5,010. இரண்டரைக் கோடி எண்கள். அக்காலத்தின் பெரிய கணினிகளில் ஒன்றான ஐபிஎம் 704இன் நினைவகமோ அதிகபட்சம் 32,768 எண்களைத்தான் தாங்கும். அதே கணக்கைப் பிரித்துவிட்டால் ஒரு நேரத்தில் கையில் இருக்க வேண்டியது ஓர் ஆலையின் 100க்கு 100 அட்டவணை, அல்லது தலைமையின் 60க்கு 60 அட்டவணை. அந்த 60 எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். இந்த முறையின் மிக அழகான செய்தி அதில்தான் இருக்கிறது.

பென்சிலால் ஒரு சுற்று

தலைமை அலுவலகம் ஆலைகளின் உள் விவகாரத்தைக் கேட்பதில்லை. உலை எத்தனை லோடு தாங்கும், கதிர்கள் எத்தனை ஓடும் என்பதெல்லாம் அந்தந்த ஆலையிலேயே இருக்கட்டும். தலைமை சொல்வது ஒரு விலை மட்டும்: ‘நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும், கரன்ட் பில்லுக்கு மேலே, இத்தனை ரூபாய் உங்கள் கணக்கில் பற்று எழுதுவோம். அதைக் கழித்தபின் உங்களுக்கு எது அதிக லாபமோ அந்தத் திட்டத்தை அனுப்புங்கள்.’ ஆலை அனுப்பும் பதிலில் இரண்டே எண்கள் இருக்கும். திட்டத்தின் உண்மையான லாபம் ஒன்று, அது இழுக்கும் மின்சாரம் ஒன்று.

முதல் விலை சுழியம். மின்சாரம் இனாம் என்றால் வார்ப்பாலை பத்து லோடும் மோட்டார் உறையே போடும்: லாபம் 60 ஆயிரம், மின்சாரம் 30 ஆயிரம் யூனிட். நூற்பாலை எட்டு லோடும் மெல்லிய நூல்: லாபம் 72, மின்சாரம் 24. (இனி எல்லா எண்ணும் ஆயிரத்தில்தான்.) இரண்டையும் சேர்த்தால் மின்சாரம் 54. இருப்பது 40.

இப்போது தலைமையின் வேலை தொடங்குகிறது. அதன் கையில் இரண்டு திட்டங்கள் இருக்கின்றன. இவற்றோடு ‘ஆலையை மூடி வை’ என்ற திட்டமும் எப்போதும் உண்டு. எந்தத் திட்டத்தை எவ்வளவு பங்கு எடுத்துக்கொள்வது என்பதுதான் தலைமைக் கணக்கு. நூற்பாலைத் திட்டம் யூனிட்டுக்கு மூன்று ரூபாய் தருகிறது, வார்ப்பாலைத் திட்டம் இரண்டு ரூபாய். ஆகவே நூற்பாலைக்கு முழுப் பங்கு. அது 24ஐ எடுத்தபின் மிஞ்சும் 16ஐ வார்ப்பாலைக்குக் கொடுத்தால் அதன் திட்டத்தில் முப்பதில் பதினாறு பங்கு நடக்கும். மொத்த லாபம் 72, அதோடு 32, ஆக 104.

இந்தக் கணக்கைத் தீர்க்கும்போது விலை தானாகவே வந்து விழுகிறது. இன்னும் ஒரு யூனிட் கூடுதலாகக் கிடைத்தால் தலைமை என்ன செய்யும்? வார்ப்பாலைத் திட்டத்தைக் கொஞ்சம் கூட்டும். இரண்டு ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும். ஆகவே மின்சாரத்தின் இப்போதைய மதிப்பு யூனிட்டுக்கு இரண்டு ரூபாய். இதை நிழல் விலை என்பார்கள். எந்தச் சந்தையிலும் இந்த விலைக்கு மின்சாரம் விற்பதில்லை. பற்றாக்குறையின் அளவை ரூபாயில் சொல்லும் எண் அது.

இரண்டு ரூபாய் என்ற விலை ஆலைகளுக்குப் போகிறது. வார்ப்பாலையில் மோட்டார் உறையின் ஆறு ரூபாய் லாபமும் மூன்று யூனிட்டின் விலையிலேயே கரைந்துபோகிறது. பம்ப் உறைக்கு நாலில் இரண்டு போய் இரண்டு மிஞ்சுகிறது. ஆகவே வார்ப்பாலை புதிதாக ஒரு திட்டம் அனுப்புகிறது: பத்து லோடும் பம்ப் உறை, லாபம் 40, மின்சாரம் 10. நூற்பாலையில் மெல்லிய நூலுக்கு மூன்று ரூபாய் மிஞ்சுகிறது, தடித்த நூலுக்கு இரண்டு. அங்கே பழைய திட்டமே சரி. புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

வந்த புதுத் திட்டத்தைச் சேர்த்துக்கொண்டு தலைமை மறுபடி கணக்குப் போடுகிறது. நூற்பாலைக்கு முழுப் பங்கு, மின்சாரம் 24. மீதி 16. அதில் வார்ப்பாலையின் பம்ப் திட்டம் முழுசாக நடந்தால் 10 போகும். இன்னும் 6 இருக்கிறது. பம்ப் திட்டத்திலிருந்து மோட்டார் திட்டத்துக்கு முழுசாக மாறினால் 20 யூனிட் கூடுதலாகச் செலவாகும், 20 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும். ஆறு யூனிட்டுக்கு அந்த மாற்றத்தில் பத்தில் மூன்று பங்குதான் செய்ய முடியும். ஆக மோட்டார் திட்டம் 0.3, பம்ப் திட்டம் 0.7. வார்ப்பாலை மூன்று லோடு மோட்டார் உறையும் ஏழு லோடு பம்ப் உறையும் போடும். மொத்த லாபம் 18, 28, 72 சேர்ந்து 118. புதிய விலை யூனிட்டுக்கு ஒரு ரூபாய்.

ஒரு ரூபாய் விலையை அனுப்பிப் பார்த்தால் எந்த ஆலையாலும் கையில் இருப்பதைவிட நல்ல திட்டம் ஒன்றைத் தர முடியவில்லை. கணக்கு முடிந்தது. 118தான் உச்சம்.

அது உச்சம்தான் என்பதற்கு என்ன ஆதாரம்? விலையே ஆதாரம் தருகிறது. மின்சாரம் 40ஐயும் அந்த விலைக்கு விற்றால் கிடைக்கும் தொகையையும், ஆலைகள் விலையைக் கழித்தபின் சொல்லும் லாபங்களையும் கூட்டினால், உண்மையான லாபம் அந்தக் கூட்டுத்தொகையைத் தாண்டவே முடியாது. சுழிய விலையில் அந்தக் கூரை 0, 60, 72 சேர்ந்து 132. இரண்டு ரூபாய் விலையில் 80, 20, 24 சேர்ந்து 124. ஒரு ரூபாய் விலையில் 40, 30, 48 சேர்ந்து 118. தலைமையின் கையில் இருக்கும் லாபம் 104இலிருந்து 118க்கு ஏறியது. கூரை 132இலிருந்து 118க்கு இறங்கியது. இரண்டும் தொட்டுக்கொண்டால் தேட இனி ஒன்றுமில்லை. தொடுவதற்கு முன்பே நிறுத்த வேண்டி வந்தாலும், இன்னும் அதிகபட்சம் எவ்வளவு லாபம் விட்டுப்போயிருக்கும் என்பது கையில் எழுதி வைத்ததுபோல் தெரியும். நடைமுறையில் இந்த உத்தரவாதத்துக்கு மதிப்பு அதிகம்.

விலை மட்டும் போதுமா?

இங்கேதான் நின்று பார்க்க வேண்டும். இந்த முறையை விளக்கும் பலர், ‘தலைமை சரியான விலையைச் சொன்னால் போதும், ஆலைகள் தாமாகவே சரியான திட்டத்துக்கு வந்துவிடும்’ என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது சரியல்ல என்பதை நம் சின்னக் கணக்கே காட்டிவிடுகிறது.

சரியான விலை ஒரு ரூபாய். அந்த விலையில் மோட்டார் உறைக்கு ஆறில் மூன்று போய் மூன்று மிஞ்சும். பம்ப் உறைக்கு நாலில் ஒன்று போய் மூன்று மிஞ்சும். இரண்டும் சமம். வார்ப்பாலை மேலாளர், “யூனிட்டுக்கு ஒரு ரூபான்னா எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார். எதைப் போடட்டும்?” என்று கேட்டால் விலையிடம் பதில் இல்லை. விலையை 99 காசாகக் குறைத்தால் அவர் பத்து லோடும் மோட்டார் உறைக்குத் தாவிவிடுவார். மொத்த மின்சாரம் 54. விலையை ஒரு ரூபாய் ஒரு காசாக ஏற்றினால் பத்தும் பம்ப் உறை, மொத்தம் 34. 40 என்ற இடத்தில் நிற்கவைக்கும் விலை எதுவுமே கிடையாது. மூன்றும் ஏழும் என்ற பதில் எந்த விலைக்கும் தானாக வராது.

காரணம் நேரியல் கணக்கின் இயல்பு. லாபமும் செலவும் நேர்கோட்டில் போகும்போது, எந்த விலை சொன்னாலும் ஆலைக்குச் சிறந்தது ஏதாவது ஒரு மூலைதான்: எல்லாமே இது, அல்லது எல்லாமே அது. உண்மையான விடையோ மூலைகளுக்கு நடுவில் இருக்கிறது. ஆகவே டான்சிக்–உல்ஃப் முறையில் தலைமைக்கு இரண்டு வேலை. விலை சொல்லித் திட்டங்களை வரவழைப்பது ஒன்று. வந்த திட்டங்களை எந்தப் பங்கில் கலப்பது என்று கடைசியில் கட்டளையிடுவது இன்னொன்று. கலவை செல்லுபடியாகுமா என்ற சந்தேகம் வேண்டாம். இரண்டு திட்டங்களும் உலையின் வரம்புக்குள் இருந்தால், அவற்றில் 0.3 பங்கும் 0.7 பங்கும் சேர்ந்த கலவையும் வரம்புக்குள்தான் இருக்கும். பங்குகள் கூடி ஒன்றைத் தாண்டக் கூடாது என்ற ஒரு வரியை ஆலைக்கு ஒன்றாகத் தலைமைக் கணக்கில் எழுதிவைப்பது இதற்காகத்தான்.

அப்படியானால் எத்தனை ஆலைகளுக்கு இப்படிக் கட்டளை போட வேண்டியிருக்கும்? முன்னே விட்ட 60க்கு இப்போது வருவோம். தலைமைக் கணக்கில் பொது நிபந்தனைக்கு ஒரு வரி, ஆலைக்கு ஒரு வரி. பத்துப் பொது நிபந்தனையும் 50 ஆலையும் என்றால் 60 வரி. 60 வரி உள்ள கணக்கில் சிம்ப்ளெக்ஸ் முறை தரும் விடையில் 60க்கு மேற்பட்ட திட்டங்கள் பங்கு பெறவே முடியாது. 50 ஆலைக்கும் ஆளுக்கு ஒன்றாவது வேண்டும். மிஞ்சுவது பத்து. ஆக, ஒன்றுக்கு மேற்பட்ட திட்டங்களைக் கலக்க வேண்டிய ஆலைகள் அதிகபட்சம் பத்துதான். மற்ற 40 ஆலையும் தாம் அனுப்பிய ஏதோ ஒரு திட்டத்தை அப்படியே நடத்தும். நம் கணக்கில் பொது நிபந்தனை ஒன்று, ஆகவே கலக்க நேர்ந்ததும் ஓர் ஆலைதான். ஆலைகள் ஆயிரமானாலும் இது மாறாது: திட்டங்களைக் கலக்க வேண்டிய ஆலைகளின் எண்ணிக்கை, பொது நிபந்தனைகளின் எண்ணிக்கையைத் தாண்டாது.

விலையைச் சொல்லிப் பரவலாக முடிவெடுக்க வைக்கலாம் என்ற இந்த விளக்கம் பொருளியலாளர்களை வெகுவாக ஈர்த்தது. மையத் திட்டமிடல் நடந்த ஹங்கேரியில் யானோஷ் கோர்நாயும் தமாஷ் லிப்தாக்கும் 1965இல் இன்னொரு வகை இருநிலைத் திட்டமிடலை முன்வைத்தார்கள். அதில் திசை தலைகீழ். மையம் ஒவ்வொரு துறைக்கும் அளவுகளைப் பங்கிட்டுக் கொடுக்கும். துறைகள் அந்த அளவின் மதிப்பை விலையாகத் திருப்பிச் சொல்லும். எந்தத் திசையில் போனாலும் ஒரு நிபந்தனை உண்டு: பதில் சொல்பவர் உண்மையைச் சொல்ல வேண்டும். தன் திட்டத்தின் மின்செலவைக் குறைத்துச் சொன்னால் பங்கு கூடும் என்று மேலாளருக்குத் தெரிந்தால், கணக்கு முறையில் அதைத் தடுக்க எந்த ஏற்பாடும் இல்லை. கணினிக்குள் ஒரே ஆளின் கணக்கைப் பிரித்துப் போடும்போது இந்தத் தொல்லை இல்லை. மனிதர்களுக்கு நடுவே போடும்போது உண்டு. ஆகவே இதை ஆட்சிமுறைக்கான செய்முறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இது ஒரு கணக்குமுறை.

விலை ஆடும் ஆட்டம்

மேலே போட்ட கணக்கு சமர்த்தாக இரண்டே படியில் முடிந்துவிட்டது. மின் ஒதுக்கீட்டை 40இலிருந்து 30ஆகக் குறைத்துப் பார்த்தால் இந்த முறையின் மறுமுகம் தெரியும். முதல் சுற்றில் விலை சுழியம். அடுத்தது, முன்போலவே, இரண்டு ரூபாய். வார்ப்பாலை பம்ப் திட்டத்தை அனுப்பும். இப்போது தலைமைக்குப் பம்ப் திட்டம் முழுசாக நடக்க 10 போதும். மீதி 20ஐ நூற்பாலையின் 24 யூனிட் திட்டத்துக்குத் தரலாம், ஆனால் அது முழுசாக நடக்காது. லாபம் 100. விலை மூன்று ரூபாய்க்கு ஏறுகிறது. மூன்று ரூபாயில் மெல்லிய நூலின் லாபம் முழுக்கக் கரைந்து, நூற்பாலை எட்டு லோடும் தடித்த நூல் என்ற திட்டத்தை அனுப்புகிறது. அதைச் சேர்த்ததும் விலை இரண்டரை ரூபாய்க்கு இறங்கி, லாபம் 102இல் கணக்கு முடிகிறது. மெல்லிய நூல் ஆறு லோடு, தடித்த நூல் இரண்டு லோடு. இம்முறை கலக்க நேர்ந்தது நூற்பாலை.

விலை 0, 2, 3, 2.50 என்று போய், இலக்கைத் தாண்டி, திரும்பியிருக்கிறது. ஒரே ஒரு விலை, இரண்டே ஆலை உள்ள கணக்கில் இந்த ஆட்டம் சிறியது. நூறு பொது நிபந்தனை இருந்து, நூறு விலையும் ஒன்றாக ஆடும்போது நிலைமை வேறு. தலைமையின் கையில் திட்டங்கள் குறைவாக இருக்கும் ஆரம்பச் சுற்றுகளில் விலைகள் ஒரு பொருளுக்கு வானத்தையும் மற்றொன்றுக்குச் சுழியத்தையும் தொடும். ஆலைகள் அந்த விலைக்கு ஏற்ற விபரீதத் திட்டங்களை அனுப்பும். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கடைசி விடையில் இடமே கிடைக்காது. அதற்கான பரிகாரம் விலைக்குக் கடிவாளம் போடுவது: சென்ற சுற்றின் நல்ல விலையிலிருந்து அதிகம் விலகினால் அபராதம் விதிப்பது, அல்லது பழைய விலைக்கும் புதிய விலைக்கும் நடுவே ஒரு விலையை அனுப்புவது.

இன்னொரு தொல்லை கடைசியில் வரும். முதல் சில சுற்றில் லாபம் மளமளவென்று ஏறும். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் சொற்பமாக மட்டும் நகர்ந்துகொண்டு, முடிகிற மாதிரி போக்குக் காட்டிக்கொண்டே இழுக்கும். வால் நீள்கிறது என்பார்கள். கூரையின் உபயோகம் இங்கேதான். கூரைக்கும் கையிலுள்ள லாபத்துக்கும் இடையே அரைச் சதவீதம்தான் வித்தியாசம் என்றால், தரவுகளே அவ்வளவு துல்லியமாக இல்லாத தொழில்களில் அங்கேயே நிறுத்திவிடுவது புத்திசாலித்தனம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தலைமையின் லாபம் ஒருபோதும் இறங்காது, கூரை அப்படியல்ல, சுற்றுக்குச் சுற்று ஏறி இறங்கும். அதுவரை கண்டவற்றில் மிகத் தாழ்ந்த கூரையைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதையே நிரலாக எழுதுபவர்களுக்குத் தவறைக் கண்டுபிடிக்கும் வழியும் இங்கிருந்து கிடைக்கிறது. ஒரு திட்டத்தைச் சேர்த்தபின் தலைமையின் லாபம் குறைந்தால் எங்கோ பிழை. கூரை லாபத்துக்குக் கீழே போனால் பிழை. கையில் ஏற்கெனவே இருக்கும் திட்டத்தையே ஓர் ஆலை ‘புதுசு, லாபமானது’ என்று மறுபடி அனுப்பினாலும் பிழை. கையில் இருக்கும் எந்தத் திட்டமும் தற்போதைய விலையில் மேற்கொண்டு லாபம் காட்ட முடியாது. இந்த மூன்றாம் வகைப் பிழைக்கு மிக வழக்கமான காரணம், ஆலைக்கு ஒன்றாக எழுதிவைத்தோமே, பங்குகளின் வரி, அதற்கும் ஒரு நிழல் விலை உண்டு என்பதை மறந்துவிடுவது. இரண்டு ரூபாய் விலையில் நூற்பாலையின் பழைய திட்டம் 24 ரூபாய் மிச்சம் காட்டியது அல்லவா? அந்த வரியின் விலையும் 24தான். ஒன்றை ஒன்றில் கழித்தால் சுழியம், ஆகவே புதிதாக ஒன்றுமில்லை. கழிக்க மறந்த நிரல் அதே திட்டத்தை முடிவில்லாமல் சேர்த்துக்கொண்டே இருக்கும். நிரல் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஆனால் லாபம் ஓரிடத்திலேயே நிற்கிறது என்றால் முதலில் இங்கே பாருங்கள்.

எங்கே பிரிக்கலாம், எங்கே வேண்டாம்

1960இல் இந்த முறைக்குக் காரணமாக இருந்த நினைவகப் பஞ்சம் இன்று இல்லை. சிம்ப்ளெக்ஸ் நிரல்கள் அட்டவணையில் சுழியங்களைச் சேமிக்காமலே வேலை செய்யக் கற்றுக்கொண்டுவிட்டன. சில ஆயிரம் வரிகள் உள்ள சாதாரண நேரியல் கணக்கைப் பிரித்துப் போடுவதைவிட, முழுசாக ஒரு நல்ல தீர்வியிடம் கொடுத்துவிடுவதுதான் பெரும்பாலும் வேகமானது. பிரிக்கும் முறையைப் புகழ்பவர்கள் இதைச் சொல்லாமல் விடுவதுண்டு.

ஆனாலும் அந்த யோசனை வேறொரு வாசல் வழியாக வந்து இன்றும் தினமும் உழைக்கிறது. 1961இல் ஐபிஎம்மில் பால் கில்மோரும் ரால்ஃப் கோமரியும் காகிதச் சுருளை வெட்டும் கணக்கை எடுத்துக்கொண்டார்கள். பெரிய சுருளை வெவ்வேறு அகலங்களில் வெட்டி ஆர்டர்களை நிறைவேற்ற வேண்டும். வீணாவது குறைய வேண்டும். ஒரு சுருளை வெட்டக்கூடிய வழிகளை எல்லாம் பட்டியல் போட்டால் எழுதி முடியாது. பட்டியலே போடாமல், ஒவ்வோர் அகலத்துக்கும் தலைமைக் கணக்கு ஒரு விலை சொல்லும். அந்த விலைகளில் ஒரு சுருளிலிருந்து மிக அதிக மதிப்பைத் தரும் வெட்டு எது என்று சின்னக் கணக்கு தேடித் தரும். அது முழு எண்கள் உள்ள கணக்கு. அரைத் துண்டு வெட்டு என்று ஒன்று கிடையாது. அந்த முழு எண் கட்டுப்பாட்டைச் சின்னக் கணக்குக்குள்ளேயே அடைத்துவிடுவதால் தலைமையில் கிடைக்கும் எல்லை, கணக்கை முழுசாகப் போட்டுக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் கிடைப்பதைவிட எவ்வளவோ நெருக்கமானது. விமானப் பணியாளர்களுக்கு முறைவேலை போடுவதும், வண்டிகளுக்குப் பாதை வகுப்பதும் இதே வழியில்தான் நடக்கின்றன. அங்கே சின்னக் கணக்கு என்பது, விதிகளை மீறாத மிகச் சிக்கனமான ஒரு பாதையைத் தேடுவது. தலைமையின் விடையில் ஒரு பாதைக்கு 0.3 பங்கு வந்தால் அதை அப்படியே நடத்த முடியாது. கணக்கைக் கிளை பிரித்து, ஒவ்வொரு கிளையிலும் மறுபடி விலை பேச வேண்டியிருக்கும். நேரம் போவதில் பெரும்பகுதி அங்கேதான்.

உங்கள் முன்னால் ஒரு பெரிய கணக்கு இருந்தால் மூன்றைப் பாருங்கள். எல்லோரையும் இணைக்கும் வரிகள் சிலதானா? கட்டங்கள் பலவா? ஒவ்வொரு கட்டத்துக்கும் தனியாக ஒரு விரைவான தீர்வுமுறை இருக்கிறதா, குறிப்பாக முழு எண் கட்டுப்பாடு உள்ளே இருந்தும் அது வேலை செய்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் பிரியுங்கள். மூன்றாவதற்கு இல்லை என்றால் முழுக் கணக்கையும் முதலில் தீர்வியிடம் கொடுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு யோசியுங்கள்.